வலி ஒண்ணும் இல்லையே?

மாலை வேளைகளில் நான் நோயாளி. ஒரு நாள் குடல்வால் ஆபரேஷன் முடிந்து கிடப்பேன். மறுநாள் மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்திவிட்ட ரத்தக் கொதிப்புக்காரி. அதற்கடுத்த நாள் காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தாய். புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடக்கிறது எங்கள் வகுப்பு. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போக நினைக்கும் நர்சுகள் எழுத வேண்டிய இங்கிலீஷ் பரீட்சைக்கு அங்கே நான் பயிற்சி கொடுக்கிறேன்.

அந்தப் பரீட்சையில் பேச்சுத் தேர்வு என்று ஒன்று உண்டு. எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார். அவர் கையில் ஒரு அட்டை இருக்கும். என்ன நோய், என்ன கவலை என்று அதில் எழுதியிருக்கும். நர்ஸ் பேச்சுக் கொடுத்து அந்தக் கவலையை வெளியே கொண்டு வர வேண்டும், தைரியம் சொல்ல வேண்டும். சரியாகக் கேட்டால்தான் நோயாளி சொல்லலாம். கேட்காவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பதை என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

அந்த வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நான் அவரை 'சிஸ்டர்' என்பேன், அவர் என்னை 'டீச்சர்' என்பார். இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் படிப்பை முடித்த கையோடு வந்த சின்னப் பெண்கள். இவர் இந்த ஊர் ஆஸ்பத்திரி வார்டுகளிலேயே தலை நரைக்கத் தொடங்கியவர். குருசுக்குப்பத்திலிருந்து வருவார். கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். டியூட்டி முடிந்ததும் மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வகுப்பு முடியும் வரை கீழே வண்டியிலேயே குட்டித் தூக்கம் போடுவார்.

சிஸ்டருடன் படித்தவர்கள் எல்லோரும் எப்போதோ பறந்துவிட்டார்கள். இவர் மாமியாரைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையை வளர்த்துக்கொண்டு, ஆசையை மட்டும் கைவிடாமல் இருந்தார். கடைசியில் ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலை தருகிறேன் என்றது. பரீட்சையில் எழுத்து, வாசிப்பு, கேட்பது எல்லாவற்றிலும் தேறிவிட்டார். பேச்சில் மட்டும் கோட்டை விட்டிருந்தார். இந்த முறையும் தவறினால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவிட்டார்கள். "இன்னொரு தடவ எழுதற தெம்பு எனக்கு இல்ல டீச்சர்" என்று வந்த முதல் நாளே சொன்னார்.

முதல் நாள், நேற்று வார்டில் என்ன நடந்தது என்று இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன். ஒரு நோயாளியைப் பார்க்க உறவுக்காரர்கள் யாரும் வரவில்லை என்பதைச் சொல்ல வந்தார்.

"எனிபடி டிட் நாட் கம்" என்றார்.

"தப்பு."

"நோபடி டிட் நாட் கம்."

"அப்படின்னா ஊரே திரண்டு வந்துட்டாங்கன்னு அர்த்தம்."

சிஸ்டர் மேல் குற்றமில்லை. நம் தமிழில் 'யாரும்' என்பது ஒரு அப்பாவிச் சொல். 'யாரும் வரலை' என்னும்போது இல்லை என்று சொல்வது கடைசியில் வரும் 'வரலை'தான். அதை அப்படியே இங்கிலீஷுக்குத் தூக்கிக்கொண்டு போனால் இடிக்கும். அங்கே 'நோபடி' என்று முன்னால் சொல்லிவிட்டால் இல்லை என்பது அதிலேயே முடிந்தது. வினைச்சொல்லில் மறுபடி 'நாட்' போடக் கூடாது. நோபடி கேம், அவ்வளவுதான். இல்லை என்பதை வினைச்சொல்லில் வைத்தால், அதற்குப் பின்னால் 'எனி' வர வேண்டும். ஐ டிட் நாட் சீ எனிபடி. 'எனிபடி'யை முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் 'நாட்' போடுகிற வழக்கம் இங்கிலீஷ்காரர்களிடம் கிடையாது.

இதை நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும், சிஸ்டர் கேட்டார்.

"அப்போ டபுள் டோஸ் குடுக்கக் கூடாது. முன்னாடி ஷிஃப்டுல 'நோ' போட்டாச்சுன்னா நாம மறுபடியும் போடக் கூடாது. அப்படித்தானே?"

இத்தனை வருஷமாக நான் கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டுக் கொட்டிய உழைப்பு அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது. அன்று முதல் வகுப்பில் எல்லாருக்கும் 'டபுள் டோஸ்' என்றே சொல்லிக் கொடுக்கிறேன்.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. யாரோ வந்தாங்க, சம்படி கேம். யாராவது வந்தாங்களா, டிட் எனிபடி கம். யாரும் வரல, நோபடி கேம். "நம்மகிட்டயே மூணும் இருக்குதே டீச்சர்! அப்புறம் எதுக்கு இவ்ளோ பயப்படறோம்?" என்றார். ஆமாம், சொல்லுகிறதுக்கு 'சம்', கேள்விக்கும் இல்லை என்பதற்கும் 'எனி' என்று நானும் தலையாட்டினேன். இங்கிலீஷ் அத்தோடு நின்றிருந்தால் நான் கடையை மூடிவிட்டு வீட்டில் தூங்கியிருக்கலாம்.

அடுத்த வாரமே ஒரு சந்தேகத்தோடு வந்தார். அவர் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் போனில் 'கால் மீ எனி டைம்' என்று சொன்னாராம். "இது கேள்வியும் இல்ல, 'இல்ல'ன்னும் சொல்லல. பின்ன 'எனி' எப்படி வந்துச்சு?" நம் ஊரில் 'எப்ப வேணும்னாலும் கூப்பிடு' என்கிறோமே, அதுதான் அது. இந்த நேரம், அந்த நேரம் என்று கிடையாது, கதவு திறந்தே இருக்கிறது என்று சொல்கிற 'எனி'. சிஸ்டருக்கு அது பிடித்துப்போயிற்று. படி இறங்கும்போது "எனி டைம், எனி டைம்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

இலக்கணம் இப்படித் திருந்திக்கொண்டு வந்தது. பேச்சுத் தேர்வுக்கு ஒத்திகை பார்த்தபோதுதான் வேதாளம் முருங்கை மரம் ஏறியது.

அன்று நான் ஆபரேஷன் முடிந்து நாளை வீட்டுக்குப் போக வேண்டிய பெண். சிஸ்டர் என் நாற்காலிக்கு எதிரே வந்து, உட்காராமல் நின்றுகொண்டே, பென்சிலால் அட்டையைத் தட்டியபடி கேட்டார்.

"யூ டோன்ட் ஹேவ் எனி பெயின், நோ?"

"நோ."

"நோ வாமிட்டிங்? நத்திங் எல்ஸ், நோ?"

"நோ."

"வெரி குட். டுமாரோ யூ கேன் கோ ஹோம்."

முடிந்தது. காபி ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார், முகத்தில் வெற்றிப் புன்னகை வேறு. நான் என் அட்டையைத் திருப்பிக் காட்டினேன். இவள் தனியாக இருக்கிறவள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை, அதனால் வீட்டுக்குப் போகவே பயப்படுகிறாள் என்று அதில் எழுதியிருந்தது. படித்துப் பார்த்த சிஸ்டரின் முகம் சுருங்கிவிட்டது.

"நான் கேட்டேனே டீச்சர். நீங்கதான் சொல்லல."

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர ரொம்ப நேரம் பிடிக்காது. "நீங்க எங்க கேட்டீங்க? கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. 'ஒண்ணும் இல்லையே'ன்னு கேட்டா எவளாவது 'இருக்கு'ன்னு சொல்லுவாளா?"

அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"வார்டுல அப்படித்தான் கேப்போம் டீச்சர். 'வலி எப்படி இருக்குது'ன்னு ஒரு பெட்டுல கேட்டுட்டா, மருமக சண்டையில ஆரம்பிச்சு மாடு கன்னு போட்டது வரைக்கும் சொல்லுவாங்க. இன்னா பண்ணுவேன் நான்? மீதி பெட்ட யாரு பாக்கறது? 'வலி ஒண்ணும் இல்லையே'ன்னு கேட்டா 'இல்ல சிஸ்டர்'னுடுவாங்க. ரவுண்டு முடியும்."

கோபம் போய் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் எத்தனை தடவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து 'இல்ல சிஸ்டர்' என்று சொல்லியிருக்கிறேன்! கேட்கிறவரின் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வலியை விழுங்கிக்கொண்டு சொன்ன 'இல்ல' அது. நோயாளிகள் அவ்வளவு நல்லவர்கள்.

ஆனால் இந்தப் பழக்கத்தில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. அதைக் காட்ட அவரை நோயாளியாக உட்கார வைத்து, அவருடைய கேள்வியையே அவரிடம் கேட்டேன். "யூ டோன்ட் ஹேவ் எனி பெயின்?"

"யெஸ்" என்றார் சிஸ்டர் பட்டென்று.

"சரி, வலிக்கு ஊசி போட்டுடறேன்."

"ஐயோ, எனக்கு வலி இல்லன்னுதானே சொன்னேன்!"

அதுதான் நாம். 'வலி இல்லையே?' என்றால் 'இல்ல' என்றும் சொல்வோம், 'ஆமா' என்றும் சொல்வோம். அந்த 'ஆமா'வுக்கு, நீங்கள் சொன்னது சரி, வலி இல்லை என்று அர்த்தம். இங்கிலீஷ்காரர்களுக்கு 'யெஸ்' என்றால் வலி இருக்கிறது, 'நோ' என்றால் வலி இல்லை. கேள்வியை எப்படிப் போட்டாலும் பதில் உள்ளதை ஒட்டித்தான் நிற்கும். நம் நர்ஸும் அவர்கள் நோயாளியும் இப்படி ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டால் ஆபத்து. இந்த விஷயத்தில் என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். 'நீங்க இன்னும் சாப்பிடலையா?' என்று கேட்டால் 'சி' என்பார். 'இல்லை என்று நினைக்காதே, சாப்பிட்டுவிட்டேன்' என்பதை பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒரே எழுத்தில் முடித்துவிடுகிறார்கள். கல்யாணமான புதிதில் அவர் மீன் குழம்பைப் பார்த்து 'சீ' என்கிறார் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க அவரோடு பேசாமல் இருந்தேன்.

சிஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் பழக்கம் சிரிப்புக்குப் பயந்து ஓடுமா? ஒவ்வொரு ஒத்திகையிலும், நல்ல கேள்வியாகத் தொடங்கி, வால் மட்டும் வார்டுக்குப் போய்விடும். "ஹவ் ஆர் யூ ஃபீலிங்... நோ ப்ராப்ளம், நோ?" தண்ணீர் கொடுக்கும்போதுகூட "யூ டோன்ட் வான்ட் எனி வாட்டர்?" என்பார். "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட வாசல்லயே நின்னுகிட்டு 'காபி ஒண்ணும் வேணாமே'ன்னு கேப்பீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். அங்கே 'வுட் யூ லைக் சம் வாட்டர்' என்றுதான் கேட்க வேண்டும். கேள்விதான், ஆனாலும் 'சம்'. ஏனென்றால் அது கேள்வி வேஷம் போட்ட உபசரிப்பு. வேண்டும் என்று சொல்வார்கள் என்ற நம்பிக்கையோடு கேட்பது.

"கேள்வின்னா 'எனி'ன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று அவரும் விடவில்லை. எனக்கு அதற்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. தெரியாதபோது எல்லா டீச்சரும் செய்வதையே நானும் செய்தேன். "மொதல்ல இத மனப்பாடம் பண்ணுங்க" என்றேன்.

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் இளைத்துப்போனார். ஒரு நாள் ஒத்திகை பாதியில் நின்றுவிட்டது. "எனக்கு வராது டீச்சர். இருபது வருஷமா இந்த வாய் இப்படியே கேட்டுப் பழகிடுச்சு" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. செய்தது என்னவோ, "அழுதா மார்க்கு போடுவாங்களா?" என்று கேட்டதுதான்.

இந்தச் சமயத்தில்தான் நான் வகுப்புக்கு ஷூவும் காலுறையும் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினேன். புதுச் செருப்பு குதிகாலைக் கடித்துவிட்டது. எனக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. சின்னக் காயம்தானே என்று ஏதோ களிம்பைத் தடவி, பஞ்சு வைத்து, காலுறையை மாட்டிவிட்டேன். காயம் ஆறவில்லை. பார்க்கப் பயமாக இருந்ததால் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் பேப்பருக்கு மேலே கண்ணைத் தூக்கி, "கால்ல ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"ஒண்ணும் இல்ல."

அவர் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். பாவம், அவருக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

வகுப்பில் சிஸ்டரும் கேட்டார். "இன்னா டீச்சர், சாக்ஸெல்லாம்? கால்ல ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். ஏசி குளிருது."

அந்த ஏசி ஓடி எத்தனையோ மாசம் ஆகிறது. அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தக் கேள்வியில் தப்பிப் போக வழி இருந்தது, நான் அதன் வழியாக வெளியே வந்துவிட்டேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் கடைசி ஒத்திகை. மற்ற பெண்கள் போய்விட்டார்கள். அட்டையில் எனக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சாதிக்கிற ஒரு பிடிவாதக்காரியின் வேஷம். சிஸ்டர் கேட்டார், நான் மழுப்பினேன். கடைசியில் "எனிதிங் எல்ஸ், நோ?" என்றார். நான் "நோ" என்றேன். இருவருக்கும் தெரிந்துவிட்டது, தேறாது என்று.

சிஸ்டர் அட்டையை மேஜையில் வைத்தார். கீழே மார்க்கெட் சந்தில் யாரோ மீன்கூடையை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. நான் வலது காலை ஊன்றாமல் எழுந்திருக்கப் பார்த்தேன். அதை அவர் கவனித்துவிட்டார். பிறகு அவர் வார்டில் எப்போதும் செய்யாத ஒன்றைச் செய்தார். ஒரு நாற்காலியை இழுத்து, என் முழங்காலில் இடிக்கிற மாதிரி போட்டு, அதில் உட்கார்ந்தார்.

"டீச்சர், கால்ல என்னமோ இருக்குது. என்னன்னு சொல்லுங்க."

'ஒண்ணும் இல்ல' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்தக் கேள்வியில் அதற்கு இடமே இல்லை. ஏதோ இருக்கிறது என்பதை அவர் முடிவு செய்துவிட்டார். என்ன என்பதை மட்டும்தான் என்னிடம் கேட்டார். "செருப்புக் கடி சிஸ்டர். ஆற மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

அவரே குனிந்து காலுறையைக் கழற்றினார். பஞ்சை எடுத்ததும் வாடை வந்தது. அதுவரை மாணவியாக இருந்தவர் எழுந்து நின்றபோது நர்ஸாகிவிட்டார். "சக்கர இருக்கறவங்க பண்ற வேலையா இது? எத்தினி பேருக்கு நான் கட்டு கட்டியிருக்கேன் தெரியுமா? இங்கிலீஷ் இவ்ளோ தெரிஞ்சு இன்னா பிரயோஜனம்?" என்று அவர் கத்திய கத்தலில் கீழே தூங்கிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் எழுந்து மேலே வந்துவிட்டார். அவ்வளவு நாள் நான் கத்தியதற்கெல்லாம் சேர்த்து அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இருவருமாக என்னைக் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டோ மார்க்கெட் நெரிசலில் ஊர்ந்தது. வலியிலும் என் புத்தி போகவில்லை.

"சிஸ்டர், மாடியில என்கிட்ட கேட்டீங்களே, அத இங்கிலீஷ்ல கேளுங்க."

"இப்பவா? சும்மா இருங்க டீச்சர்."

"கேளுங்க."

அவர் என் காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஐ திங்க் தேர் ஈஸ் சம்திங் ராங் வித் யுவர் ஃபுட்" என்றார் மெதுவாக. பிறகு அதையே கேள்வியாக்கி, "ஈஸ் தேர் சம்திங் யூ வான்ட் டு டெல் மீ?" என்றார்.

"அதேதான்!" என்று நான் கத்தியதில் ஆட்டோக்காரர் பிரேக்கைப் போட்டுவிட்டார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

"ஆனா டீச்சர், கேள்வில 'எனி'தானே..."

இப்போது எனக்குப் பதில் தெரிந்திருந்தது. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதபோது 'எனி'. மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்கும்போது 'எனி அலர்ஜீஸ்' என்றுதான் கேட்க வேண்டும், அங்கே நாமாக ஒரு பக்கம் சாயக் கூடாது. ஆனால் எதிரே இருக்கிறவர் ஏதோ வைத்திருக்கிறார் என்று நமக்குத் தோன்றிவிட்டால், கேள்வியாக இருந்தாலும் 'சம்'. இருக்கிறது என்று நம்பிக் கேட்டால், அவரும் கொஞ்சம் நம்பிச் சொல்வார். 'எனிதிங் எல்ஸ், நோ' என்பது 'எதுவும் சொல்லிவிடாதே தாயே' என்று கும்பிடுகிற கேள்வி. இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எலும்பு வரை போயிருக்கும் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் ஓடி வந்து என் தலையைத் தடவினார். "ஒண்ணும் இல்லன்னியே" என்றார். "நீங்க அப்படிக் கேட்டீங்க" என்றேன். இன்று வரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த வாரம் சிஸ்டர் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். திரும்பி வந்ததும் நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார். முதலில் கால் கட்டைப் பிரித்துப் பார்த்தார், அப்புறம்தான் பரீட்சையைப் பற்றிச் சொன்னார். எதிரே உட்கார்ந்தவர் 'ஐ ஆம் ஃபைன்' என்று சொல்லிக் கீழே பார்த்தாராம். "உங்க கால் ஞாபகம் வந்துடுச்சு டீச்சர். நாற்காலிய முன்னாடி இழுத்துகிட்டேன்." சில வாரங்கள் கழித்து ரிசல்ட் வந்தது. தேறிவிட்டார். அன்றைக்கு அவர் கணவர் ஆட்டோ முழுக்க மல்லிகைச் சரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து ஹாரன் அடித்த அடியில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அவர் புறப்பட்ட நாளன்று குருசுக்குப்பத்துக்குப் போனேன், ஆறிய காலோடு, அகலமான செருப்போடு. சென்னை விமான நிலையத்துக்குப் போக வேன் வந்து நின்றது. பெட்டிகளை மேலே கட்டிக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் சிஸ்டரைச் சுற்றி நின்று ஆளுக்கொன்று கேட்டார்கள். எதையும் மறக்கலையே? பாஸ்போர்ட்ட பெட்டிக்குள்ள வச்சுடலையே? நானும் கூட்டத்தோடு கூட்டமாகக் கேட்டேன்.

"பயம் ஒண்ணும் இல்லையே சிஸ்டர்?"

"இல்ல டீச்சர்" என்று சிரித்தார்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. பாடம் நடத்தினவள் கேட்கிற கேள்வியா இது! வேனின் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் மற்றவர்களை நகர்த்திவிட்டு, அந்தப் படியிலேயே இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மனசுல என்னமோ இருக்கு. என்ன, சொல்லுங்க."

சிரிப்பு அப்படியே உடைந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு என் தோளில் முகத்தை வைத்தார். "அங்க எனக்கு யாரும் இல்ல டீச்சர்" என்றார். வேறு யாருக்கும் கேட்காத குரலில்தான் சொன்னார்.

அந்த 'யாரும் இல்ல' என்பதற்கு என்னிடம் எந்த மருந்தும் கிடையாது. அது உண்மை. நானும் அழுதேன். அழுதால் மார்க்கு போடுவார்களா என்று கேட்டவள்தான்.

"எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க. எந்த நேரமா இருந்தாலும் சரி."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எனி டைம்?"

"எனி டைம்."

வேன் கிளம்பியது. எல்லாரும் கையாட்டினோம். நான் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கால் கழுவக்கூட இல்லை, போன் அடித்தது. சிஸ்டர்தான். பின்னால் ரோட்டு வண்டிகளின் ஹாரனும் காற்றும் இரைந்தன.

"டீச்சர், காலாப்பட்டுகூட இன்னும் தாண்டல. சும்மாதான் கூப்பிட்டேன்."

'ஒண்ணும் இல்லையே' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, கூடத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க சிஸ்டர்" என்றேன்.